ஒரு பக்கக் குறிப்பில் கைநழுவிய ஒன்றரை லட்சம்

பீன்யாவில் மிக்ஸி தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் பர்சேஸ் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், பெங்களூருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. பர்சேஸ் ஆர்டர், அதாவது பிஓ போடுவது, லாரி எங்கே நிற்கிறது என்று போன் போட்டுக் கேட்பது, பில்லை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புவது, இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் விலை பேசப் போகிற மேனேஜருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடு என்று கேட்டபோது அதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித்தர யாரும் இல்லை, கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த ஒரு பக்கத்தால் ஆறு மாதத்தில் கம்பெனிக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் போனது. யாரும் என்னைத் திட்டவில்லை. இருந்தும் அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. இதே இடத்தில் வந்து நிற்கப்போகிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விஷயம் அட்டைப்பெட்டி. ஒவ்வொரு மிக்ஸியும் ஐந்து அடுக்குப் பெட்டி ஒன்றில் போகும், மாதம் 12,000 பெட்டி. எங்களுக்குப் பெட்டி போடுகிறவர் சிவகாசிப் பக்கத்துக்காரர், இங்கேயே ஒரு பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். பெட்டி ஒன்று 48 ரூபாய், அந்த விலை 14 மாதமாக மாறவில்லை. அப்போதுதான் மெயில் வந்தது. பெட்டி செய்கிற கிராஃப்ட் பேப்பர் கிலோ 36 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்குப் போய்விட்டது, அதாவது 11 சதவீதம், அதனால் பெட்டி விலையையும் 11 சதவீதம் ஏற்றித் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். பேப்பர் மில்லின் கடிதமும் கூடவே இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் என் மேனேஜர் சேலத்துக்காரர் கிளம்புகிற நேரத்தில் என் மேஜைப் பக்கம் வந்து, “திங்கக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணாச்சி வர்றார்மா, ஒரு பக்கத்துல எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடு” என்றார்.

எல்லாத்தையும் என்று அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஐந்து வருஷக் கொள்முதல் தொகை, தர நிராகரிப்பு சதவீதம், அண்ணாச்சி பட்டறையில் என்னென்ன மெஷின் இருக்கிறது, வேறு மூன்று சப்ளையர்களின் பெயர் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை, எழுத்தின் அளவை 8-க்குக் குறைத்து அடக்கினேன். அதன் உச்சியில் தடித்த எழுத்தில் ‘கிராஃப்ட் பேப்பர் விலை உயர்வு 11%: மில் கடிதம் இணைப்பு’ என்று எழுதினேன். உழைப்புக்குக் குறைவில்லை, மனசுக்கும் நிறைவாகத்தான் இருந்தது. திங்கள் காலை பத்தரைக்கு சாரிடம் கொடுத்தேன். போனில் பேசியபடியே வாங்கி, மீட்டிங் ரூமுக்கு நடந்துகொண்டே மேலே இருந்த இரண்டு வரியை மட்டும் படித்தார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விலை பேசப் போகிற எவருக்கும் அந்த நேரத்தில் அவ்வளவுதான் கண்ணில் ஏறும். இரண்டு வரி படிக்கப்படும் என்று தெரிந்துகொண்டு, அந்த இரண்டு வரியை எழுதியிருக்க வேண்டியவள் நான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அண்ணாச்சி விலையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தாளை எடுத்து வைத்து, “சார், ரெண்டு மாச பில்லு நிக்கிது, வரியோட சேத்து பன்னெண்டு லட்சத்துக்கு மேல. ஒண்ணு 78 நாளாச்சு. நான் பேப்பர்காரனுக்கு என்ன பதில் சொல்லட்டும்?” என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். எனக்கு அது தெரியும். அக்கவுண்ட்ஸில் பில் தேங்கி நிற்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், குறிப்பில்தான் இல்லை. ஏனென்றால் அது விலை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று நானே முடிவுசெய்துவிட்டேன். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் சார் எதைச் சொன்னாலும் கடன்காரர் பேசுகிற மாதிரிதான் இருந்தது. வேறு சப்ளையர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி அமைதியாக, “யாருக்கு சார் சாம்பிள் குடுத்திருக்கீங்க?” என்றார். யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்று பெயரும் நான் இணையத்தில் தேடி எடுத்தவை. கடைசியில் 11 சதவீதத்தை 9 சதவீதமாகக் குறைத்து, ஆறு மாதத்துக்கு ரூ.52.32 என்று கையெழுத்தானது. இரண்டு சதவீதம் குறைத்துவிட்டோம் என்று சாருக்குக் கொஞ்சம் நிம்மதி. எனக்கு மட்டும் என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் ஸ்டோரில் நின்றுகொண்டிருந்தபோது அங்கே இருக்கிற அண்ணன் போகிற போக்கில் ஒன்று கேட்டார்: “பேப்பர் வெல ஏறுனா பெட்டி வெல ஏறும், சரி. ஆனா பெட்டி முழுக்க பேப்பராம்மா?” அவ்வளவுதான் கேட்டார். நான் ஒரு பெட்டியை எடுத்துத் தராசில் வைத்தேன். பிறகு வேறு வேறு கட்டிலிருந்து எடுத்துப் பத்துப் பெட்டியையும் நிறுத்தோம், சராசரி 702 கிராம் வந்தது. பெட்டியின் கனத்தை அண்ணாச்சி குறைத்துவிட்டார் என்று உற்பத்தி லைனில் சில பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் ஒரு துண்டை வெட்டி டப்பாத் தண்ணீரில் போட்டோம். அரை மணி நேரத்தில் பசை விட்டது. தாள் தாளாகப் பிரித்தால் ஐந்து தாள், அதில் இரண்டு அலை அலையாக மடிந்த தாள். அந்த அலைத் தாளை மேஜைமேல் வைத்துக் கையால் நீவி விரித்து அளந்தால் 14 செ.மீ. இருந்தது. 10 செ.மீ. அட்டைக்குள் 14 செ.மீ. தாள் மடங்கிக் கிடக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஐந்தையும் நன்றாகக் காயவைத்துத் தரப் பரிசோதனை அறையின் சின்னத் தராசில் நிறுத்தோம். வெளித்தாள் 1.8 கிராம். நூறு சதுர செ.மீ. தாளின் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது வந்துவிடும், ஆக 180. பிஓவிலும் 180 என்றுதான் இருந்தது. அலைத் தாளை மட்டும் விரித்த பிறகுள்ள 140 சதுர செ.மீ.க்குக் கணக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் கனம் கூடுதலாகத் தெரியும். மற்ற நான்கும் பிஓவோடு பொருந்தின. அண்ணாச்சி பேப்பரில் கை வைக்கவில்லை. நீங்கள் செய்தாலும் நன்றாகக் காயவைத்த பிறகே நிறுங்கள், மழை நாளில் ஈரம் குடித்த அட்டை எடை கூட்டிக் காட்டிக் குழப்பிவிடும்.

அப்புறம் கணக்கு தானாக வந்தது. பெட்டி 700 கிராம் என்றால், வெட்டும்போது போகிற கழிவையும் சேர்த்து அதற்கு வாங்குகிற பேப்பர் சுமார் 750 கிராம். கிலோ 36 ரூபாய் என்றால் பேப்பர் 27 ரூபாய்தான். 48 ரூபாயில் மீதி 21 ரூபாய் பசை, கரண்ட், கூலி, பிரிண்டிங், வண்டி வாடகை, அவருடைய லாபம். பேப்பர் கிலோவுக்கு 4 ரூபாய் ஏறினால் பெட்டிக்கு ஏறுவது 750 கிராமுக்கு உண்டானது மட்டுமே, அதாவது 3 ரூபாய், 48 ரூபாயில் ஆறேகால் சதவீதம். அவர் கேட்ட 11 சதவீதம் என்பது ஐந்தேகால் ரூபாய்க்கும் மேல். பேப்பர் ஏறிய சதவீதத்தை மொத்த விலைக்கும் போட்டிருந்தார், நான் அதே 11-ஐ எங்கள் குறிப்பின் உச்சியில் தடித்த எழுத்தில் எழுதி எங்கள் ஆளின் கையிலேயே கொடுத்திருக்கிறேன். சார் 11-லிருந்து பேரத்தைத் தொடங்கியதே நான் எழுதியதால்தான். இதை உணர்ந்த அன்று ராத்திரி ஜாலஹள்ளி ரூமில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்காமல் கிடந்தேன்.

இன்னொன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னவர் எங்கள் ஏரியாவில் கிராஃப்ட் ரீல் விற்கிற ஒரு டீலர். எங்கள் பெட்டிக்குப் போடுகிற ரகத்தைச் சொல்லி இன்றைக்கு என்ன விலை என்று கேட்டேன், 40 என்றார். மில் கடிதம் பொய் இல்லை. சும்மா, 14 மாதத்துக்கு முன்னால் என்ன விலை என்றும் கேட்டேன். பழைய பில்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப 38 இருந்துச்சே” என்றார். எங்கள் பெட்டிக்கு 48 ரூபாய் விலை நிர்ணயமானது பேப்பர் 38-இல் இருந்தபோது. நடுவில் அது 36-க்கு இறங்கியது, அப்போது விலையைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, அண்ணாச்சியும் வாய் திறக்கவில்லை. இப்போது ஏறும்போது அவர் அடியிலிருந்து எண்ணுகிறார். பழைய விலை முடிவான நாளிலிருந்து எண்ணினால் ஏற்றம் கிலோவுக்கு 2 ரூபாய், பெட்டிக்கு ஒன்றரை ரூபாய். கர்நாடகத்தில் ஏப்ரல் தோறும் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி மாறும், அவருக்கு அந்தச் செலவு கூடியிருக்கும், அதற்கு 75 காசு என்று நானே தாராளமாகச் சேர்த்துப் பார்த்தேன். 50.25-இல் முடிந்திருக்க வேண்டிய விலை. நாங்கள் கொடுத்தது 52.32. பெட்டிக்கு 2.07, ஆறு மாதத்துக்கு 72,000 பெட்டி, மொத்தம் ரூ.1,49,040.

சாரிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. கணக்கை இரண்டு முறை பார்த்தார், தண்ணீரில் ஊறிய அந்தத் தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல், “இந்த 750 கிராம்ங்கிற ஒரு வரி எங்கிட்ட இருந்திருந்தா போதும்மா” என்றார். கையெழுத்தானது ஆனதுதான், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நாளில் அடுத்த குறிப்பை நான் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அந்தக் குறிப்பு எப்படி வந்தது என்பதைத்தான் இனிமேல் சொல்கிறேன்.

முதலில் செய்தது, சதவீதத்தை அடியோடு எடுத்தது. குறிப்பின் முதல் வரி இப்படி இருந்தது: ‘பேப்பர் கிலோவுக்கு 1 ரூபாய் மாறினால் பெட்டிக்கு 75 காசு.’ மேஜையில் அவர்கள் எந்தப் புது எண்ணைக் கொண்டுவந்தாலும் சாரால் மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்க்க முடியும். அடுத்த வரி, ‘48 ரூபாய் முடிவானபோது பேப்பர் 38. இன்று 39.’ இதற்குள் பேப்பர் ஒரு ரூபாய் இறங்கியிருந்தது. இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் தேதி. தேதி போடாத விலையை இப்போது நான் எங்கேயும் எழுதுவதில்லை, எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான் பாதிப் பேரம் இருக்கிறது என்று காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது வரி, ‘இந்தக் கணக்குப்படி 48.75, கூலிக்கு 75 காசு சேர்த்தால் 49.50. இப்போது கொடுப்பது 52.32.’ இந்த மூன்று வரியும் 14 அளவு எழுத்தில். நடந்துகொண்டே படித்தாலும் போதும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அளந்தது, கேட்டது, ஊகம் என்று ஒரு சொல் சேர்த்தேன். 702 கிராம் என்பது அளந்தது. 39 ரூபாய் என்பது டீலரிடம் கேட்டது. கழிவு சேர்த்து 750 கிராம் என்பதும், கூலி 75 காசு என்பதும் என் ஊகம். இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். எங்கே அழுத்தமாக நிற்கலாம், எங்கே எதிராளி கணக்கைக் காட்டினால் விட்டுக்கொடுக்கலாம் என்பது பேசுகிறவருக்கு அப்போதுதான் தெரியும். எல்லா எண்ணும் ஒரே மாதிரி அச்சாகி இருந்தால் ஊகத்தையும் அளந்தது மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அது ஒன்று உடைந்தால் மற்ற எண்களின் மேலும் நம்பிக்கை போய்விடும். ‘பெட்டியின் கனம் பிஓப்படி சரியாக இருக்கிறது (அளந்தது)’ என்றும் ஒரு வரி எழுதினேன். லைனில் கேட்ட பேச்சை வைத்துக்கொண்டு சார் பேப்பரைக் குறைத்துவிட்டதாக அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாமே கெட்டுப்போயிருக்கும்.

அடுத்த பாகம், அவர் நம்மைப் பார்த்து என்ன கேட்பார் என்பது. போன தடவை விட்ட இடம் இதுதான், அதனால் இதில் அதிக நாள் செலவிட்டேன். அக்கவுண்ட்ஸில் போய் உட்கார்ந்து பில் பில்லாகப் பார்த்தபோதுதான் எங்கள் பிஓவிலேயே தவறு இருப்பது தெரிந்தது. 60 நாளில் பணம் என்று அச்சடித்திருந்தோம். அண்ணாச்சி சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளர். குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 2006-இன் 15-ஆவது பிரிவுப்படி, இப்படிப்பட்டவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வருமான வரியிலும் ஒரு மாற்றம் 2024 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடு தாண்டியும் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்கலாம். ஆக இது அவருடைய தொல்லை மட்டும் இல்லை, எங்களுடையதும்கூட. மீட்டிங்குக்கு பத்து நாள் முன்னாலேயே இதைச் சாரிடம் சொன்னேன், அவர் ஃபைனான்ஸில் பேசி கெடு தாண்டிய இரண்டு பில்லையும் கட்ட வைத்தார். குறிப்பில் நான் எழுதிய வரி, ‘45 நாள் தாண்டிய பாக்கி: இல்லை, வெள்ளிக்கிழமை நிலவரப்படி.’

இங்கே ஒரு சறுக்கல் நடக்கப் பார்த்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் பணம் கொடுப்பதை நாம் அவருக்குத் தருகிற சலுகையாகக் காட்டி விலையைக் குறைக்கலாம் என்று எழுதியிருந்தேன். 75 நாளில் கொடுத்ததை 30 நாளில் கொடுக்கிறோம், 45 நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். பிறகு யோசித்தால் 45 நாளுக்குள் கொடுப்பது சட்டப்படி கடமை, அதை விற்க முடியாது. நாம் உண்மையாகத் தருவது 45-லிருந்து 30 வரையிலான 15 நாள் மட்டும்தான். மாத பில் ஏறக்குறைய 6 லட்சம், எங்கள் பேங்க் வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் 15 நாளுக்கு 2,959 ரூபாய், பெட்டிக்கு 25 காசு. குறிப்பில் ‘நாம் தரக்கூடியது: 30 நாளில் பணம். நமக்குச் செலவு பெட்டிக்கு 25 காசு’ என்று எழுதினேன். விட்டுக்கொடுக்கிற எதற்கும் பக்கத்தில் இப்படி ஒரு விலை இருந்தால், மேஜையில் பேசுகிறவர் அதை 25 காசுக்குக் குறைவாக விற்கமாட்டார்.

மாற்று சப்ளையர் விஷயத்தில் இந்தத் தடவை பெயர்களை அடுக்கவில்லை. உண்மையாகவே ஒருவரிடம் சாம்பிள் வாங்கி, மிக்ஸியைப் போட்டு மூடி, கீழே போட்டுப் பார்க்கும் சோதனையும் முடித்தோம். அவர் சொன்ன விலை முதலில் 48.60 என்று பார்க்க இனிப்பாக இருந்தது. ஆனால் அது அவர் பட்டறை வாசலில் எடுத்துக்கொள்ளும் விலை. வண்டி வாடகை பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் சேர்த்தால் 50.10. அதன் மேல் எங்கள் பிராண்டு அச்சடிக்க ஸ்டீரியோ என்கிற அச்சுத் தகடு புதிதாகச் செய்ய வேண்டும், முழு அளவில் சப்ளை தொடங்க ஐந்து வாரம் ஆகும். எங்கள் ஸ்டோரில் இருந்ததோ ஒன்பது நாள் பெட்டி. இதை மறைக்காமல் அப்படியே எழுதினேன்: ‘மாற்று: 50.10, சாம்பிள் தேறியது, ஐந்து வாரம் ஆகும். நம் கையிருப்பு 9 நாள். அண்ணாச்சி நிறுத்தினால் 10-ஆம் நாள் லைன் நிற்கும்.’ எழுதும்போது கசப்பாகத்தான் இருந்தது, நம் பலவீனத்தை நாமே எழுதுகிறோமே என்று. ஆனால் சார் அதைப் படித்துவிட்டு மீட்டிங்கை இரண்டு வாரம் தள்ளி வைத்து, அதற்குள் கையிருப்பை 25 நாளாக உயர்த்தச் சொன்னார். பழைய விலையில் கூடுதலாக வாங்கியதற்கு ஆன செலவு, லைன் நின்றுவிடுமோ என்ற பயத்தோடு உட்கார்ந்து பேசுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கடைசியாக மூன்று எண்: தொடங்க வேண்டியது 48.75, எதிர்பார்ப்பது 49.50, இதற்கு மேல் போகக் கூடாதது 50.50. இந்தக் கடைசி எண்ணை மட்டும் தாளில் அச்சடிக்கவில்லை. போன தடவை சாரின் குறிப்பு மேஜைமேல் விரித்துக் கிடந்தது, அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து பேசியபடியே அதன் மேல் கண்ணை ஓடவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அச்சகத்துத் தொழிலில் வளர்ந்தவருக்குத் தலைகீழாக எழுத்துப் படிப்பது ஒன்றும் சிரமம் இல்லை. 50.50-ஐ வாயால் சொன்னேன், சார் தன் டைரியில் குறித்துக்கொண்டார். குறிப்பை மெயிலில் அனுப்பாமல் நேரில் கொடுத்தேன், ஏனென்றால் அண்ணாச்சியோடு ஓடுகிற அதே மெயில் வரிசையில் தவறிப் பதில் போட்டுவிட்ட கதை எங்கள் ஆபீஸிலேயே ஏற்கெனவே நடந்திருக்கிறது. கொடுத்ததோடு விடவும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, நானே அண்ணாச்சி மாதிரி கேள்வி கேட்டேன், சார் குறிப்பைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டு இடத்தில் அவர் கண் தாளில் தேடியது. அந்த இரண்டு வரியையும் மேலே கொண்டுபோனேன்.

மீட்டிங் நாற்பது நிமிஷம். அண்ணாச்சி கூலி, கரண்ட், டீசல் என்று தொடங்கினார். சார் அவசரப்படாமல், “பெட்டிக்கு 750 கிராம் பேப்பர், சரிதானே அண்ணாச்சி?” என்று கேட்டார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எழுநூத்தி அறுவது வெச்சுக்கிடுங்க சார், டிரிம்மு இருக்குல்லா” என்றார். டிரிம் என்று அவர் சொன்னது வெட்டுக் கழிவை. அந்தப் பத்து கிராம் என் ஊகத்தில் இருந்த இடைவெளி, குறிப்பிலும் ஊகம் என்றே இருந்தது, சார் அதில் மல்லுக்கு நிற்கவில்லை. கிராமில் பேச்சு வந்தபிறகு சதவீதத்துக்கு யாரும் திரும்பிப் போகவே இல்லை. கூலிக்கு அவர் ஒன்றரை ரூபாய் கேட்டார், சம்பளப் பட்டியலைக் காட்டி ஒரு ரூபாய் வரை நியாயம் என்று எங்களையும் ஒப்புக்கொள்ள வைத்தார். 49.75-இல் முடிந்தது, 30 நாளில் பணம் என்று எழுதிக் கொடுத்தோம். பழைய 52.32-ஐவிட பெட்டிக்கு 2.57 குறைவு, ஆறு மாதத்துக்கு 1,85,040 ரூபாய்.

ரேட் கான்ட்ராக்டில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. டீலர் விலை 39-லிருந்து முழு ரூபாய் எத்தனை மாறுகிறதோ, ரூபாய்க்கு 75 காசு வீதம் பெட்டி விலையும் மாறும், ஏறினாலும் இறங்கினாலும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது. போன மாதம் அண்ணாச்சி போன் செய்து பேப்பர் 41 ஆகிவிட்டது என்றார். டீலரிடம் கேட்டேன், 41 என்றுதான் அவரும் சொன்னார். பிஓவில் 49.75-ஐ 51.25 என்று மாற்றி சாருக்கு அனுப்பினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மீட்டிங் எதுவும் போடவில்லை.